ஜனவரிக்கு லீவு சொல்லி வையுங்க

மகளின் கல்யாணத்துக்கு டீசர் போடப் போகிறோம் என்று கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சினிமாவுக்குத்தானே டீசர் என்றேன். "எல்லாரும் போடுறாங்கம்மா" என்றாள். நான் ஆயுசு முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்தவள். காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். நான் யாரையும் விட்டதில்லை.

எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் கல்யாணச் சேதி கோவிலில் வெளியாக வேண்டும். மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுக்கிறார்கள், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. அதற்கு முன்னால் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. "ஓலை படிக்கிறதுக்குள்ள உலகமே படிச்சு முடிச்சிடும் போல" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் சொந்தம் ஒரு நாட்டில் இல்லை. என் கணவரின் அக்கா குடும்பம் சிங்கப்பூரில். என் தங்கைகளின் பிள்ளைகள் டொராண்டோவிலும் லண்டனிலும். மாப்பிள்ளையும் அவர் சிநேகிதர்களும் மெல்போர்னில். கணவரின் ஒரே தம்பி குவைத்தில். கல்யாணம் பொங்கல் முடிந்து வருகிற வாரம். அந்தச் சமயத்தில் திருச்சிக்கு டிக்கெட் விலை யானை விலை. பத்திரிகை அடித்து, கோவிலில் வைத்து மந்திரித்து, அனுப்புவதற்குள் நவம்பர் ஆகிவிடும். அதற்கப்புறம் லீவு கேட்டால் எந்த முதலாளி கொடுப்பான்? அதனால் முன்கூட்டியே ஆகஸ்டில் தேதியையும் ஊரையும் மட்டும் சொல்லி வைப்பதுதான் இந்த டீசர். மண்டபம், கோவில், நேரம் எதுவும் அதில் இருக்காது. அதெல்லாம் பத்திரிகையில் முறைப்படி வரும்.

இதற்குள் வேறொன்று எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. என் கணவருக்கு ஜூன் மாதம் மஞ்சள் காமாலை என்று வந்தது. கீழாநெல்லி, பத்தியம் என்று பார்த்தோம். பிறகு தில்லைநகரில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி என்றார்கள். அடைத்திருந்த பித்தக்குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்று வைத்தார்கள். மஞ்சள் கொஞ்சம் இறங்கியது, பிறகு மெல்ல ஏறியது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "ஆறு மாசம்னு வெச்சுக்கங்க. முன்ன பின்ன ஆகலாம்."

நான் வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. கல்யாணத்தை முன்னாடியே வைக்கலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் ஜாடையாகக் கேட்டேன். பையன் புது வேலையில் சேர்ந்து, கெஞ்சிக் கூத்தாடி ஜனவரியில் லீவு வாங்கியிருக்கிறான், அதற்கு முன் அசைய முடியாது என்றார்கள். உண்மையைச் சொல்லிக் கேட்கலாம் என்றால் கணவர் சம்மதிக்கவில்லை. மகளுக்குப் பாதி தெரியும். வைத்தியம் நடக்கிறது, தேறிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். குவைத்தில் இருந்த தம்பிக்கு மஞ்சள் காமாலை என்பதோடு சரி.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருக்கும் அவருக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். மாமனார் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைப் படிக்கவைத்தது, வேலைக்கு அனுப்பியது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் இவர்தான். நான் கல்யாணமாகி வந்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஓடுகிறவரைப் பிடித்து உட்காரவைத்தவள் நான். எங்கள் முதல் பிள்ளை என்று அவரைத்தான் இவர் கேலியாகச் சொல்வார்.

தம்பி தினமும் கூப்பிடுவார். "வீடியோவுல வாங்கண்ணே, முகத்தப் பாக்கணும்" என்பார். இவர் "நெட்டு சரியில்லடா" என்பார். எங்கள் எடமலைப்பட்டி புதூரில் நெட்டு எந்தக் காலத்திலும் இவ்வளவு கெட்டதில்லை. தம்பி ஒன்றும் முட்டாள் இல்லையே. ஒரு வெள்ளிக்கிழமை, அவர்களுக்கு விடுமுறை நாள், கூப்பிட்டுச் சொன்னார்: "செப்டம்பர்ல லீவு எழுதிக் குடுத்திருக்கேண்ணே. வந்து உங்களப் பாத்துட்டுப் போயிடுறேன். மனசே சரியில்ல."

போனை வைத்த பிறகு இவர் வெகுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மறுநாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது, டம்ளரை வாங்காமலே பேசினார்.

"அவன் புதுக் கம்பெனி. வருசத்துக்கு ஒரு லீவுதான். அவசரம்னு வந்தாலும் அதையே கழிச்சிக்குவாங்க. செப்டம்பர்ல வந்துட்டான்னா ஜனவரிக்கு வர முடியாது."

"வரட்டுமேங்க. உங்களப் பாக்கத்தான வர்றாரு."

"ஜனவரில நான் இருப்பேனா?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வாசல்லேருந்து பீடம் வரைக்கும் பொண்ணக் கையப் புடிச்சு யாரு கூட்டிட்டுப் போவாங்க? அதுக்கு அவன்தான் இருக்கணும். வேற யாரு போனாலும் எனக்கு ஒப்பாது."

அப்புறம்தான் அவர் டீசரைப் பற்றிக் கேட்டார். அதில் அவரும் வர வேண்டுமாம். நன்றாக இருக்கிற மாதிரி வர வேண்டுமாம். தம்பி அதைப் பார்த்தால் கவலை தெளிந்து, லீவை ஜனவரிக்கு மாற்றிக்கொள்வான். இவ்வளவுதான் திட்டம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உடன்பிறந்தவனை ஏமாற்றுகிற வேலைக்கு என்னைக் கூட்டு சேர்க்காதீர்கள் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "நீ சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார். நோயாளியிடம் சண்டைபோட்டு ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

டீசர் எடுக்க வந்தது ஸ்ரீரங்கத்தில் இருந்து ஒரு பெண். படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் தனியாளாகச் செய்வாள். போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிறவர்களுக்காகப் படமும் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும் என்றாள். மொத்தம் ஒரு நிமிடத்துக்குள். காவிரிப் பாலத்தில் மகள் நடந்து போவது, பின்னால் மலைக்கோட்டை, மெல்போர்னில் இருந்து மாப்பிள்ளை அனுப்பிய ஒரு துண்டு, கடைசியில் தேதியும் 'திருச்சி' என்ற ஒற்றை வார்த்தையும். என் கணவர் இதில் வர விரும்புகிறார் என்றதும் அவளுக்குச் சந்தோஷம். "அங்கிள முதல்லயே வெச்சிடலாம் ஆன்ட்டி. ஆரம்பத்துலயே தெரிஞ்ச முகம் வந்தாத்தான் நிப்பாட்டிப் பார்ப்பா. இல்லேன்னா விரலால தள்ளிட்டுப் போயிண்டே இருப்பா" என்றாள்.

சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவருக்கு உடம்பில் பாதி போயிருந்தது. அவள் எதுவும் கேட்காமல், முதுகுப் பக்கம் துணியை இழுத்துக் கொடியில் போடுகிற கிளிப்புகளை வரிசையாக மாட்டினாள். முன்னால் இருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த சட்டை. அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: "நம்ம வீட்டுக் கல்யாணம். ஜனவரிக்கு லீவு சொல்லி வையுங்க."

எத்தனை முறை எடுத்தார்கள் என்று நான் எண்ணவில்லை. வரி முடிவதற்குள் மூச்சு வாங்கும். சிரிக்கும்போது கன்ன எலும்பு துருத்தும். இவரே "இதுல சோர்வாத் தெரியும்மா, இன்னொரு தடவ எடுத்துக்க" என்பார். மகள் பக்கத்தில் நின்று கைதட்டி உற்சாகப்படுத்தினாள். அப்பாவுக்கு நடிப்பு ஆசை வந்துவிட்டதாம். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கழுவ ஒரு பாத்திரமும் இல்லை.

எடிட்டிங் பார்க்க நான் மட்டும் போனேன். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய், உத்திர வீதியில் அவள் வீட்டு மாடி ஏறினேன். எனக்கு மூட்டு வலி. படியைத் திட்டிக்கொண்டே ஏறினேன். திரையில் இவர் முகம் பெரிதாக நின்றிருந்தது. அவள் தயங்கினாள்.

"ஆன்ட்டி, அங்கிள் முகம் கொஞ்சம் மஞ்சளா அடிக்கறது. கண்ணு வெள்ளையும் அப்படித்தான். ஜன்னல் திரை கலரோ?"

"திரைதாம்மா. மஞ்சத் துணி. குறைச்சிடு."

எங்கள் ஜன்னலில் திரையே இல்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும், வந்து படம் எடுத்தவள்தானே. ஆனால் அவள் எதுவும் சொல்லாமல் திரும்பிக்கொண்டாள். "மொத்தமா குறைச்சா சுவரெல்லாம் நீலமாயிடும். முகத்த மட்டும் தனியாப் பிரிச்சுப் பண்றேன்" என்று மவுஸை நகர்த்தினாள். முதலில் தோலில் இருந்து மஞ்சள் வடிந்தது. பிறகு கண்ணில் இருந்து. இரண்டு மாதமாக நான் பார்க்காத வெள்ளை. எனக்கு அந்த நேரத்தில் அழுகை வரவில்லை, பொறாமை வந்தது. ஒரு பொத்தானை இழுத்தால் போகிற மஞ்சளுக்கு நாங்கள் எவ்வளவு ஓடியிருக்கிறோம்.

மற்ற வேலைகளையும் அவள் விளக்கினாள். எனக்குப் பாதி புரிந்தது. சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைச் சிக்கலில் சில நாடுகளில் சத்தமே வராமல் போகும். அவள் விலைக்கு வாங்கி வைத்திருந்த வயலின் துண்டு ஒன்றைப் போட்டாள். டொராண்டோப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, கீழே ஆங்கிலத்திலும் எழுத்து. அந்த எழுத்தையும் அடிமட்டத்தில் வைத்தால் இன்ஸ்டாகிராமில் பெயரும் வாசகமும் வந்து மறைத்துவிடும், அதனால் கொஞ்சம் மேலே. ஓடும் முன் நிற்கிற படமாக எதை வைக்கலாம் என்று கேட்டாள். இவர் சிரிக்கிற இடத்தையே வைக்கச் சொன்னேன். தம்பி முதலில் பார்க்க வேண்டியது அதுதானே.

எப்போது போடுவது என்பதற்கு மகள் ஒரு கணக்குப் போட்டாள். அது மட்டும் எனக்குப் பிடித்தது. சனிக்கிழமை நம் சாயங்காலம். சிங்கப்பூரில் இரவுச் சாப்பாட்டு நேரம், மெல்போர்னில் படுக்கப் போகும் முன், குவைத்தில் மத்தியானத் தூக்கம் கலைகிற வேளை, லண்டனில் மதியம், டொராண்டோவில் காலைக் காபி. எல்லோரும் விழித்திருக்கிற ஒரே இடைவெளி. மகள், மாப்பிள்ளை இருவர் கணக்கிலும் ஒரே பதிவாகப் போட்டார்கள். 'பாஸ்போர்ட் தேதி பார்த்துக்கொள்ளுங்கள், அழைப்பிதழ் பின்னால் வரும்' என்று ஒரு வரி. இன்ஸ்டாகிராம் இல்லாத பெரியவர்களுக்காக வாட்ஸப் குடும்பக் குழுவில் தனியாக, படம் மங்கிவிடாமல் இருக்க டாக்குமென்டாக அனுப்பினாள்.

போட்டதும் போன் ஓயவில்லை. சிங்கப்பூர் நாத்தனார் அழுதுகொண்டே பேசினார். லண்டன் பிள்ளை, பெரியப்பா ஹீரோ மாதிரி இருக்கிறார் என்று எழுதியிருந்தான். டொராண்டோவில் டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர் படுக்கையில் சாய்ந்தபடி ஒவ்வொன்றையும் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். காது மட்டும் வேறு ஒரு மணிக்காகக் காத்திருந்தது.

தம்பி கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. "அண்ணே, பழைய மாதிரி ஆயிட்டீங்கண்ணே! நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன். சரி, செப்டம்பர் லீவ மாத்திக்கிறேன். ஜனவரில வந்து கல்யாண வேல பூரா நான் பாத்துக்கிறேன்."

"ஆமாடா. அப்ப வா. அதுதான் முக்கியம்" என்றார் இவர். போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி என்னிடமும் பேசினார். "அண்ணி, நல்லாப் பாத்துக்கிட்டீங்க, ரொம்ப தேங்க்ஸ்." நான் "சரிங்க தம்பி" என்றேன். அதைவிடக் கேவலமான இரண்டு சொல்லை நான் என் வாயால் சொன்னதில்லை.

அதன் பிறகு செப்டம்பர் வந்து போனது. அக்டோபரில் அவர் எழுந்து நடப்பது நின்றது. தம்பி இப்போது வீடியோவில் வாருங்கள் என்று வற்புறுத்துவதில்லை; வேண்டும்போது டீசரைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரு நாள் நான் சத்தியத்தை மீறத் துணிந்து, தம்பியின் எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே இருந்து இவர், எப்படித் தெரிந்ததோ, "வேணாம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

ஆனால் வெளியே சொல்லாத ஆசை அவருக்கும் இருந்தது. கடைசி வாரங்களில் வாசல் கேட் சத்தம் கேட்டால் கண் திறப்பார். "யாரு?" என்பார். பால்காரர் என்பேன், கேஸ்காரர் என்பேன். "ஓ" என்று மறுபடி மூடிக்கொள்வார். வரவிடாமல் தானே தடுத்த தம்பியைத் தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த சில நாட்களில், அவர் போய்விட்டார்.

தம்பிக்கு நான்தான் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவே இல்லை. ஆக்சிடெண்டா என்று கேட்டார். நோய் என்றேன். எத்தனை நாளாக என்றார். ஜூன் மாதத்திலிருந்து என்றேன். பிறகு, "ராத்திரி பிளைட் இருக்கு அண்ணி. காலைல வந்துருவேன். அடக்கம் பண்ணாம வெச்சிருங்க" என்றார்.

அப்போது நான் சொல்ல வேண்டியிருந்தது. என் கணவர் விட்டுப்போன வேலை அது. "வராதீங்க தம்பி. இப்ப வந்தா கல்யாணத்துக்கு வர முடியாது. பொண்ணு கையப் புடிச்சிட்டுப் போக நீங்கதான் வரணும்னு உங்க அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்கார். அதுக்காகத்தான் அந்த வீடியோவே."

அண்ணன் சாவுக்கு வராதே என்று ஒரு தம்பியிடம் சொன்னேன்.

அவர் வரவில்லை. அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர். அடக்கத்தை யூடியூபில் நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். அந்த இணைப்பை டீசர் அனுப்பிய அதே வாட்ஸப் குழுவில்தான் அனுப்பினோம். வேறு குழு எங்களுக்கு ஏது? தம்பி குவைத்தில் கம்பெனி கேம்ப் அறையில் உட்கார்ந்து, அண்ணன் முகத்தை மூடுவதை போனில் பார்த்தாராம். மூடுவதற்கு முன் தெரிந்த முகத்தில் யாரும் மஞ்சளைக் குறைத்திருக்கவில்லை.

சேதி எட்டாத யாரோ ஒரு பழைய சிநேகிதர் அன்று சாயங்காலம் டீசருக்குக் கீழே, 'பெண்ணின் அப்பாவா, மாப்பிள்ளையா? இவ்வளவு இளமையா!' என்று எழுதியிருந்தார். மகள் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள். பதிவை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். தேதி மாறவில்லை, வருகிறவர்களுக்கு அது வேண்டும் என்றேன். கமென்ட் போட முடியாமல் மூடிவிட்டு, முகப்புப் படத்தைக் காவிரிப் பாலமாக மாற்றினாள். உள்ளே இவர் அப்படியே இருந்தார், லீவு சொல்லி வையுங்க என்று.

கல்யாணம் ஆடம்பரமில்லாமல் நடந்தது. மேளம் வேண்டாமென்று சொல்லிவிட்டோம். தம்பி பொங்கலுக்கு முந்தின நாள் வந்தார். நேராகக் கல்லறைக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். நரை கூடியிருந்தது. பந்தல், சாப்பாடு, மண்டபம் எல்லாம் சொன்னபடியே பார்த்தார். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்தன்று காலை கோவில் வாசலில் மகளின் கையைத் தன் முழங்கையில் கோத்துக்கொண்டு நடந்தார். ஒரு எட்டும் பிசகவில்லை. பீடத்தருகே மாப்பிள்ளையிடம் கையைக் கொடுத்துவிட்டு முதல் பெஞ்சுக்கு வந்து, என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார். என் கணவர் கேட்டது அப்படியே நடந்தது. எனக்கு நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று, பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டு, ஏர்போர்ட் டாக்சிக்காக நின்றுகொண்டிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர்தான். இனி எப்போது பேசப் போகிறோம் என்று நானே ஆரம்பித்தேன்.

"அண்ணன் ஆசப்பட்டாருன்னுதான் தம்பி…"

"தெரியும் அண்ணி." அவர் குரல் உயரவில்லை. "ஒரு லீவுதான் இருந்துச்சு. அத எதுக்கு எடுக்கணும்னு நான்தான முடிவு பண்ணிருக்கணும்? எனக்குப் பதிலா நீங்க ரெண்டு பேரும் பண்ணிட்டீங்க."

நான் தலைகுனிந்து நின்றேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை இப்படி நிற்கவைத்தவள்.

"எதுக்கு எடுத்திருப்பேன்னு கேளுங்க" என்றார்.

நான் கேட்கவில்லை.

"கல்யாணத்ததான் விட்டிருப்பேன்" என்றார்.

அது அவர் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அத்தனை முறை சிரித்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்சி வந்துவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு அவர், "போயிட்டு வரேன்" என்றார். 'அண்ணி' என்று சொல்லவில்லை.